தேதி தப்பாகப் போய்விட்டால்: சத்தமில்லாமல் மாற்றுவதா, அழிப்பதா, புதிதாகச் சொல்வதா?

பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அறிவிப்பு போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 5, வெள்ளி. அறிவிப்பில் போயிருப்பதோ ஜூன் 15. ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு, வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, கூடவே ஒரு போஸ்டர். நாலு பேர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. இப்போது இருக்கும் வழிகள் மூன்று: பதிவுக்குள் போய் எண்ணை மாற்றுவது, அழித்துவிட்டு மறுபடி போடுவது, திருத்தம் என்று தனியாக ஒன்று போடுவது.

பலரும் முதலில் யோசிப்பது தங்கள் பேர் கெடாமல் எது காப்பாற்றும் என்பதைத்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, தப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. கடைசி நாள் 15 ஆக இருந்து 5 என்று போயிருந்தால் பெரிய சேதம் இல்லை. நம்பியவர்கள் பத்து நாள் முன்னாலேயே பெயர் கொடுத்துவிடுவார்கள். எண்ணை மாற்றி அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் நம் கதை நேர்மாறு. 15 என்று நினைத்து ஆற அமர வருகிறவர் வகுப்பையே இழப்பார். நிகழ்ச்சி நடக்கும் நாள் தப்பாகிவிட்டாலோ இரண்டு பக்கமும் அடிதான், யாராவது ஒருவர் ஆளில்லாத அரங்கத்தின் முன்னால் வந்து நிற்பார். இந்த மாதிரி தப்புக்குக் கமுக்கமான வழி எதுவும் உதவாது. திருத்தம் படித்தவர் கையில் போய்ச் சேர வேண்டும்.

பதிவுக்குள்ளேயே மாற்றுவது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது இடத்தைப் பொறுத்தது. ஃபேஸ்புக்கில் ஒருவர் ஷேர் பொத்தானை அழுத்திப் பகிர்ந்திருந்தால், அவர் பக்கத்தில் தெரிவது மூலப் பதிவேதான். மூலத்தில் 5 என்று மாற்றினால் அங்கேயும் 5 ஆகிவிடும். இது பெரிய வசதி. திருத்திய வரலாற்றைப் பதிவைப் பார்க்க முடிந்த எவரும் எடுத்துப் பார்க்கலாம், அதனால் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நிலைமை வேறு. அனுப்பி 15 நிமிடத்துக்குள்தான் செய்தியைத் திருத்த முடியும். திருத்தினால் சின்னதாக ஒரு குறிப்பு தெரியுமே தவிர, மறுபடி நோட்டிஃபிகேஷன் போகாது. ஒருமுறை படித்துவிட்டு நகர்ந்தவர் திரும்பி வந்து பார்க்கப் போவதில்லை. அதற்குள் யாராவது ஃபார்வேர்டு செய்திருந்தால் அது தனிப் பிரதி. நாம் என்ன மாற்றினாலும் அங்கே 15 தான். போட்ட கையோடு கண்ணில் பட்டால் மாற்றிவிடலாம், அப்புறம் என்றால் மாற்றியதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

குறிப்பே போடாமல் எண்ணை மாற்றுவதில் இன்னொரு சங்கடம். "15 வரை நேரம் இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கீழே ஒருவர் எழுதியிருப்பார். மேலே இப்போது 5 என்று இருக்கும். தப்பு அவருடையது போல ஆகிவிடும். அவர் சும்மா இருப்பாரா? பழைய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் போடுவார், அடங்கியிருந்த விஷயம் அங்கேதான் பெரிதாகும். பதிவின் அடியில் "கடைசி நாள் திருத்தப்பட்டுள்ளது" என்று ஒரு வரி இருந்தால் இந்தப் பேச்சே எழாது. எழுத்துப்பிழைக்கு இது தேவையில்லை. தேதிக்கும் தொகைக்கும் தேவை.

அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும், மூன்றில் மோசமானதும் அதுதான். ஃபேஸ்புக்கில் மூலத்தை அழித்தால் பகிர்ந்தவர் பக்கத்தில் பதிவு கிடைக்கவில்லை என்ற வெற்றுப் பெட்டிதான் மிஞ்சும். ஏற்கெனவே படித்தவர் மனதில் 15 அப்படியே இருக்கும், திருத்திக்கொள்ள வழி இல்லை. வாட்ஸ்அப்பில் அனைவருக்கும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக அவகாசம் உண்டு, ஆனால் செய்தி அழிக்கப்பட்டது என்ற தடயம் நிற்கும். அதைப் பார்த்ததும் "என்ன அழிச்சீங்க?" என்று ஒருவராவது கேட்பார். கவனம் வேண்டாம் என்றுதான் அழித்தோம், இப்போது குழு முழுக்க அதே பேச்சு. போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யாரும் பார்க்கவில்லை என்றால் அழிக்கலாம், சரி.

ஆகவே இந்தக் கதைக்கு ஃபேஸ்புக்கில் எண்ணை மாற்றி அடியில் ஒரு குறிப்பு, வாட்ஸ்அப்பில் தனித் திருத்தம். தனியாகப் போட்டால் தப்பு இன்னும் வெளிச்சத்துக்கு வருமே என்று தயங்க வேண்டாம். வெளிச்சம் போடுவது எழுதும் விதம்தான். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

"முக்கியத் திருத்தம்!! நேற்றைய பதிவில் கடைசி நாள் ஜூன் 15 என்று தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டோம். அவசரத்தில் நேர்ந்த பிழைக்கு மிகவும் வருந்துகிறோம். சரியான தேதி ஜூன் 5."

அரைக்கண்ணால் படிக்கிறவர் கண்ணில் முதலில் விழுவது 15. நோட்டிஃபிகேஷனில் தெரியும் முதல் வரியிலும் அதுதான். சரியான தேதி கடைசியில் ஒளிந்திருக்கிறது. இதையே திருப்பிப் போட்டால்:

"பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள்: ஜூன் 5, வெள்ளி, மாலை 5 மணி. முன்பு வந்த அறிவிப்பில் தேதி தவறு. ஜூன் 15 என்று குறித்து வைத்தவர்கள் மாற்றிக்கொள்ளவும், மன்னிக்கவும்."

சரியான தேதி தலையில் வருகிறது, கிழமையோடு வருகிறது. கிழமை சேர்த்தால் படிக்கிறவரே சரிபார்த்துக்கொள்வார், அடுத்த தப்பும் சீக்கிரம் மாட்டும். பழைய தேதி ஒரே ஒரு முறை, அதுவும் அதை நம்பியவர் "இது எனக்குத்தான்" என்று அடையாளம் காணும் அளவுக்கு. அதை அறவே விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. இரண்டு தேதிகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும்போது எது புதியது என்று தெரியாமல் மக்கள் குழம்புவார்கள், அதனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மன்னிப்புக்கு ஒரு சொல் போதும். எப்படித் தப்பு நடந்தது என்ற கதையை யாரும் கேட்கவில்லை. போட்டதும் அந்தச் செய்தி குழுவின் மேலேயே நிற்கும்படி அதைப் 'பின்' செய்துவிடலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்வு இருக்கிறது. கடைசி நாளைத் தாண்டும் வரை நிற்கிற மாதிரி பார்த்து வைத்தால் சரி.

போஸ்டர்தான் தலைவலி. மேலே எழுத்தில் 5 என்று மாற்றிவிட்டுப் படத்தில் 15 அப்படியே இருந்தால் படமே ஜெயிக்கும், ஏனென்றால் மக்கள் சேமித்து அனுப்புவது படத்தைத்தான். சிலர் பழைய போஸ்டர் மீதே சிவப்பில் அடித்துக் காட்டுவார்கள். சின்னத் திரையில் அந்தக் கோடு சரியாகத் தெரியாது, தப்பான போஸ்டர் இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பிவிடும். புதுப் போஸ்டர் செய்து பின்னணி நிறத்தையும் மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் "பச்சை நிறத்தில் இருப்பது சரி" என்று ஃபோனில் கூடச் சொல்லிவிட முடியும். பழையது எங்காவது ஃபார்வேர்டாக வந்தால் அங்கே விளக்கம் எழுதாமல் புதுப் போஸ்டரை மட்டும் பதிலாகப் போட்டுவிட்டு நகரலாம்.