மூட்டுச் சத்தம்: நெட்டி, நறநற, டப்

தரையில் உட்கார்ந்து எழும்போது முழங்கால் சத்தம் போட்டால், பக்கத்தில் இருப்பவர் "தேய்மானம் ஆரம்பிச்சிருச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். ஆனால் மூட்டில் வரும் சத்தங்கள் ஒரே வகை அல்ல. விரலில் முறிக்கும் நெட்டி ஒன்று, நாண் தாவும் 'டொக்' ஒன்று, படி ஏறும்போது வரும் நறநற ஒன்று, அடிபடும் நொடியில் கேட்கும் 'டப்' ஒன்று. எது பெரிதாகக் கேட்கிறது என்பதை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. சத்தத்தோடு கூட என்ன வருகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

நெட்டி

விரல் மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கும். விரலை இழுத்தால் மூட்டின் உள்ளிடம் விரிகிறது, அழுத்தம் சட்டென்று குறைகிறது, கரைந்திருந்த வாயு குமிழியாகிறது. குமிழி உருவாகும்போது சத்தம் வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பது பழைய சண்டை. 1971-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் உடையும்போது என்றார்கள். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, விரல் இழுபடுவதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நேரடியாகப் பார்த்துவிட்டு, உருவாகும்போது என்றது. 2018-ல் வந்த ஒரு கணித மாதிரி மறுபடியும் உடைவதன் பக்கம் சாய்ந்தது. இரு தரப்புக்கும் பொதுவானது ஒன்று: சத்தம் குமிழியுடையது, எலும்போடு எலும்பு உரசுவதல்ல.

இதை அடையாளம் காண்பது சுலபம். ஒருமுறை முறித்த மூட்டில் ஏறத்தாழ 20 நிமிடம் கழித்துத்தான் மறுபடி நெட்டி வரும். வாயு திரும்பக் கரைய அவ்வளவு நேரமாகும். சத்தம் ஒவ்வொரு அசைவுக்கும் வந்தால் அது நெட்டி அல்ல.

நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று வீட்டில் திட்டியதைச் சோதிக்க, டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 50 ஆண்டுகள் இடது கையில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி முறித்தார். வலது கையை விட்டுவிட்டார். 1998-ல் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு, எதிலும் மூட்டுவாதம் இல்லை என்று மருத்துவ இதழுக்கு எழுதினார். 2009-ல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, சரிதான். ஆனால் கை எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு 2011-ல் வந்த ஆய்விலும் நெட்டிக்கும் விரல் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

கழுத்து மட்டும் வேறு கணக்கு. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சடாரென்று திருப்பும் பழக்கம் இருக்கிறதே, அங்கேயும் சத்தம் குமிழியுடையதுதான். ஆனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளை ஒட்டி ஓடுகின்றன. வேகமாகத் திருப்பும்போது, அபூர்வமாக, குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாண் தாவல்

தசையை எலும்போடு கட்டும் நாண் ஓர் எலும்பு முனையைத் தாண்டிச் சறுக்கும்போது 'டொக்' என்று கேட்கும். இடுப்பிலும் தோளிலும் கணுக்காலிலும் இது சகஜம். நெட்டியைப் போல் 20 நிமிடம் காக்க வைக்காது. அதே அசைவைச் செய்தால் அதே இடத்தில் மறுபடி வரும். வலி இல்லாதவரை விட்டுவிடலாம். வலித்தால், அந்த நாணை இறுக்கும் வேலையையோ பயிற்சியையோ கொஞ்ச நாள் குறைத்துப் பார்க்கலாம்.

நறநற

உண்மையான குழப்பம் இங்கேதான். முழங்கால் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டிப் பாருங்கள். பலருக்கு மணல் அரைபடுவது போல் கையில் தட்டுப்படும். சில்லின் பின்புறமும் அது ஓடும் தொடை எலும்பின் பள்ளமும் குருத்தெலும்பால் மூடியவை. அந்தப் பரப்பு முன்போல் வழுவழுப்பாக இல்லை என்பதையே பெரும்பாலும் இந்த நறநற காட்டுகிறது. வலியே இல்லாத, நன்றாக நடக்கிற எத்தனையோ பேருக்கு இது உண்டு.

அப்படியானால் கவலையே வேண்டாமா? அதையும் அப்படியே சொல்லிவிட முடியாது. வலியோடு கூடிய தேய்மானம் இல்லாத ஏறத்தாழ 3,500 பேரை அமெரிக்காவில் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2017-ல் வெளிவந்த அந்த ஆய்வில், முழங்கால் எப்போதும் சத்தம் போடுகிறது என்றவர்களுக்குப் பின்னாளில் வலியோடு கூடிய தேய்மானம் வரும் வாய்ப்பு, சத்தமே இல்லை என்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் அப்படிப் புதிதாக வலி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேயில் ஏற்கெனவே தேய்மான மாற்றம் இருந்தது, அடிக்கடி வலிதான் இல்லை. ஆகவே 25 வயதில் வலியில்லாமல் வரும் நறநறவை ஒதுக்கிவிடலாம். 50 வயதில், உடல் எடையும் கூடி, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் முழங்கால் விறைப்பாக இருந்து, படி இறங்கும்போது லேசாக வலிக்கவும் செய்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இரண்டு பேருமே செய்யக்கூடாதது, சத்தத்துக்குப் பயந்து காலை மடக்காமல் இருப்பது. தொடையின் முன்தசை மெலிந்தால் சில்லின் மேல் பிடி தளர்ந்து வலி கூடும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவதே அந்தத் தசைக்கு நல்ல பயிற்சி. சத்தம் வந்தாலும் செய்யலாம். வலி வந்தால் உயரமான நாற்காலிக்கு மாறுங்கள்.

டப்

இது தானாக வருவதில்லை. ஒரு சம்பவத்தோடு வரும். கபடி ஆடும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாடிப் போனவர் திரும்பி ஓட எத்தனிக்கிறார். பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் திரும்புகிறது. முழங்காலுக்குள் 'டப்'. இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்து போல் வீங்கிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது வீக்கம் வந்த நேரம். சில மணி நேரத்திலேயே வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. முழங்காலுக்குள் எலும்போடு எலும்பைக் கட்டும் முன்புறக் குறுக்குத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., அறுந்திருப்பதற்கான வாய்ப்பு அதிகம். மறுநாள் மெதுவாக வீங்கினால், எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் சவ்வு கிழிந்திருக்கலாம். அந்தச் சவ்வின் துண்டு இடையில் மாட்டிக்கொண்டால் காலை முழுதாக நீட்டவே முடியாது. 'லாக் ஆகிவிட்டது' என்பார்கள். பிடித்து இழுத்து நீட்டப் பார்க்காமல், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது.

நம் கபடி வீரர் என்ன செய்வார்? எண்ணெய் போட்டு நீவிவிடுவார். எக்ஸ்ரே எடுத்திருந்தால் "எலும்பு முறியல" என்று நிம்மதியாக இருப்பார். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. மருத்துவர் முழங்காலை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தால் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது கைக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சில வாரத்தில் வீக்கம் வற்றி, நேராக நடக்க முடிகிறது என்பதும் ஏமாற்றுவதுதான். ஏ.சி.எல். அறுந்தவரும் நேர்கோட்டில் நடப்பார். மறுபடி களத்தில் இறங்கித் திரும்பும்போது முழங்கால் நழுவும், அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் நல்ல சவ்வு நசுங்கிக் கிழிய வாய்ப்பு உண்டு. முதல் 'டப்' கேட்ட வாரத்திலேயே காட்டியிருந்தால், பயிற்சி போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது சவ்வாவது முழுதாக இருந்திருக்கும்.

சத்தமே இல்லாமலும் ஒரு மூட்டு மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.