டிக்கெட்டை விற்றுவிட்டு கேட்டில் துரத்தினார்கள்: பிள்ளைகளைத் தனியாகப் படத்துக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

போன சனிக்கிழமை 15 வயது மகனையும் 16 வயதான அவன் கூட்டாளியையும் உச்சிப்புளியில் பஸ் ஏற்றி, ராமநாதபுரத்தில் ஒரு தியேட்டருக்கு மாலைக் காட்சிக்கு அனுப்பினேன். முடியும் நேரத்துக்கு நான் போய் அழைத்து வருவதாகப் பேச்சு. அது 'ஏ' சான்றிதழ் படம் என்பதை நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

ஆனால் கவுண்டரிலும் யாரும் வயது கேட்கவில்லை. 240 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். கேட்டில் இருந்தவர் முதலில் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, அதன் பிறகே ஆதார் கேட்டிருக்கிறார். வயது தெரிந்ததும், "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க, விடுறேன்" என்றாராம். பணத்தைக் கேட்டதற்கு, "கிழிச்ச டிக்கெட்டுக்கு காசு கிடையாது."

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒருவர் பிள்ளைகளிடம் வந்து, "ஆளுக்கு 100 ரூபாய் கொடுங்க தம்பி, மாமான்னு சொல்லி உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்றிருக்கிறார். முன்பின் தெரியாத ஆள். இருட்டு அரங்கில் மூன்று மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் காசு இல்லாததால் தப்பித்தார்கள். நான் திட்டுவேன் என்று பயந்து எனக்குப் போனும் பண்ணாமல், நான் போகும்வரை எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்காரர் சொன்னதே தப்பு. 'ஏ' படத்துக்கு 18 வயது முடியாதவரை, அப்பா அம்மா கூடவே வந்தாலும், உள்ளே விடக்கூடாது. பெரியவர் துணை என்ற பேச்சு 'யுஏ' படத்தோடு சேர்ந்தது. அதை இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். அந்த வயதுக் குறிப்பு பெற்றோர் பார்த்து முடிவெடுப்பதற்காக. 2023 திருத்தச் சட்டப்படி வேறு யாரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டையும் குழப்பியதால்தான் அந்த ஆளுக்கு வழி கிடைத்தது.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தமே இல்லை. வயதை கவுண்டரில், காசு வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும். கேட்டிலும் டிக்கெட்டைக் கிழிக்கும் முன், ஸ்கேன் முறை என்றால் ஸ்கேன் பண்ணும் முன், பார்த்திருக்க வேண்டும். அப்புறம், துணையில்லாமல் வந்த பிள்ளைகளை ரோட்டில் விடாமல், மேனேஜர் அறையில் உட்காரவைத்து வீட்டு நம்பர் வாங்கி ஒரு போன் போட்டிருந்தால் போதும். மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "உங்க பிள்ளைங்கள நாங்க பார்த்துக்கணுமாம்மா?" என்றார்.

பணமும் வரவில்லை. கிழித்த பாதியை வைத்திருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது. தியேட்டருக்கு உரிமம் தருவது கலெக்டர் என்பதால் அங்கேயும் மனு கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளைத் தனியே அனுப்புகிறவர்கள் போஸ்டரில் 'ஏ'வா 'யுஏ'வா என்று பார்த்துவிடுங்கள். கேட்டில் நிறுத்தினால் எந்த மாமாவோடும் போகாமல் உடனே வீட்டுக்குக் கூப்பிட வேண்டும், திட்டமாட்டோம் என்று சொல்லி அனுப்புங்கள். நான் அதைச் சொல்லி அனுப்பவில்லை.