தலைப்பை 44 எழுத்துக்குச் சுருக்கிய கதை: இரண்டு வருட அனுபவம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இலவம்பாடி முள்ளு கத்திரி போடுகிறோம். அதைப் பற்றி யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் வருடம் முழுக்க என் தலைப்புகள் எல்லாம் இந்த மாதிரிதான்:

"நம்ம ஊரு விவசாயம் | வேலூர் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் | பகுதி 12 | குருத்துப்புழு"

பக்கத்து நிலத்து அண்ணன் தன் போனில் காட்டினார். "தம்பி, ஊர் பேரு தெரியுது, காய் பேரு தெரியுது. என்னா சொல்லப்போறன்னு தெரியலையே?" பட்டியலில் இரண்டு வரியோடு தலைப்பு வெட்டுப்பட்டு, புழு என்ற சொல்லே காணாமல் போயிருந்தது.

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து இடம் தருகிறது. தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கத்திரிக்காய்' நமக்கு ஏழு எழுத்து, அங்கே 13. அதிலும் திரையில் தெரிவது முன்பகுதி மட்டும்தான். அதனால் சேனல் பெயரையும் பகுதி எண்ணையும் எடுத்துவிட்டேன்.

முதல் திருத்தம் "கத்திரிக்குக் காய்ப்புழுவே வராது!" என்று இருந்தது. குருத்தைத் துளைக்கும் அதே புழுதான் காயையும் துளைக்கும். கிளிக் கூடியது. ஆனால் யூடியூப் ஸ்டூடியோ கணக்கில் பார்த்தால், முதல் அரை நிமிடத்திலேயே நிறைய பேர் வெளியேறியிருந்தார்கள். கமெண்டில் எல்லோரும் "என்ன மருந்து?" என்றே கேட்டார்கள். வீடியோவில் மருந்தே கிடையாது. வாடிய குருத்தைக் கிள்ளுவதைத்தான் காட்டியிருந்தேன். தப்பு என் தலைப்பில்தான்.

இப்போது இருப்பது: "கத்திரிக் குருத்து வாடினால் எங்கே கிள்ளணும்?" மொத்தம் 44.

விவரக்குறிப்புக்கும் அதே கதை. 'மேலும்' என்பதைத் தொடும் முன் ஓரிரண்டு வரிதான் தெரியும். அந்த இடத்தில் வணக்கமும் வாட்ஸ்அப் குழு லிங்க்கும் உட்கார்ந்திருந்தன. இரண்டையும் கீழே தள்ளிவிட்டு, முதல் வரியை இப்படி மாற்றினேன்:

"தலைகுனிந்த குருத்துக்குள் காய்ப்புழு இருக்கும். வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளுங்கள். தண்டில் துளை தெரிந்தால் இன்னும் கீழே."

தலைப்பில் உள்ளதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. பதிலில் பாதியைச் சொல்லிவிட்டேன். 'காய்ப்புழு' என்று தேடுகிறவர்களுக்காக அந்தச் சொல் தலைப்பில் இல்லாவிட்டாலும் இங்கே இருக்கிறது. பதிலைச் சொல்லிவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்களோ என்று பயந்தேன். அப்படி நடக்கவில்லை. விரலை எங்கே வைப்பது என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் வருகிறார்கள்.

ஒரு குறை உண்டு. எங்கள் காயைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு இந்தத் தலைப்பில் ஊர் பேரே இல்லை. அவர்களுக்காக முள்ளு கத்திரிக்குத் தனி வீடியோ போட்டேன். ஒரே தலைப்பில் இரண்டையும் அடைக்கப் பார்த்தபோதெல்லாம் இரண்டுமே மங்கிப்போயின.

புது வீடியோ ஏற்றியதும் அண்ணனின் போனை வாங்கித் தேடிப் பார்க்கிறேன். வெட்டுப்படும் இடத்துக்கு முன் 'கிள்ளணும்' மாதிரி முக்கியமான சொல் தெரிந்தால் அப்படியே விடுவேன். இல்லையென்றால் அன்றைக்கே திருத்திவிடுவேன்.

போன வாரம் வந்த கமெண்ட்: "கிள்ளின குருத்தை வரப்புல போடலாமா?" போடக்கூடாது, உள்ளே இருக்கும் புழு பூச்சியாகி மறுபடி செடிக்கு வரும், எரித்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். அடுத்த வீடியோவின் தலைப்பு அந்தக் கேள்விதான்.