பிளிந்த் பீமைக் காட்டித் தளர்ந்த மண்ணின்மேல் தரை போட்டார்கள்: கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டுவோர் கவனத்திற்கு

கோத்தகிரிக்கு அருகே சரிவான மனையில் நாங்கள் கட்டிய வீட்டின் பின்பக்க அறைகளில், முதல் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் தரை இறங்கிவிட்டது. ஒப்பந்தக்காரரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் செய்த வேலையையும், அதை அவர் நியாயப்படுத்திய விதத்தையும் மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் மலைச்சரிவில் கட்டப்படும் வீடுகளில் இதே வேலை இதே விளக்கத்தோடு நடப்பதைப் பிறகு பல இடங்களில் பார்த்தேன்.

தரை இறங்கியதை முதலில் சுவரடி ஓடுகளில்தான் கண்டோம். ஸ்கர்ட்டிங் சுவரோடு ஒட்டியபடி இருக்க, அதன் கீழே தரை ஓடு மட்டும் விலகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. கூடத்தின் குறுக்கே, சாலைப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஓடுகளில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது. பின்னறையில் தரைமேலேயே எழுப்பியிருந்த நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் இரண்டு முனையிலும் பெரிய சுவரைவிட்டுப் பிரிந்தது. ஆனால் வெளிச்சுவர்களிலோ, ஜன்னல் மூலைகளிலோ ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. இந்த அடையாளங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அஸ்திவாரம் இறங்கினால் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். சுவர் நிற்க, தரை மட்டும் இறங்கினால், குறை, வீட்டுத் தரையை நிலத்துக்குமேல் உயர்த்தும் அடிக்கட்டான பிளிந்துக்குள் நிரப்பிய மண்ணில்தான் இருக்கிறது.

ஒப்பந்தக்காரரை அழைத்துக் காட்டியபோது அவர் சொன்னது இது: “சார், நாலா பக்கமும் பிளிந்த் பீம் போட்டிருக்கு. நீங்களே கம்பி எண்ணிப் பார்த்தீங்க. அதுக்கு மேல தரை எங்க போகும்? ஓடு ஒட்டின பசைதான் சரியில்ல.” கேட்பவருக்கு நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் பிளிந்த் பீமின் வேலை வேறு. அது தூண்களை அடியில் ஒன்றோடொன்று பிணைத்து, அவை தனித்தனியாக அசையாமல் பிடிக்கிறது; தன்மேல் எழும் சுவரின் பாரத்தைத் தூண்களுக்குக் கடத்துகிறது; ஓரிடத்தில் மண் சற்று இளகினாலும் சுவர் பிளக்காதபடி பாலம்போல் தாங்கிக்கொள்கிறது. எங்கள் வீட்டுச் சுவர்கள் பிளக்காததற்கு அந்தப் பீம்தான் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண வீட்டின் தரை பீமின்மேல் உட்காருவதில்லை. நான்கு பீம்களுக்கு நடுவே நிரப்பிய மண், அதன்மேல் நான்கு அங்குலக் காங்கிரீட், அதன்மேல் ஓடு என்பதே அமைப்பு. தரையைப் பீம்களின்மேல் தாங்க வேண்டுமென்றால், கம்பி கட்டிய தளமாக அதைத் தனியே வடிவமைத்திருக்க வேண்டும்; எங்கள் வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை. எனவே பீம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது தரைக்கு உத்தரவாதம் ஆகாது.

சமவெளியில் இந்தக் குறை இவ்வளவு பெரிதாக வெளிப்படாமல் போகலாம், ஏனெனில் அங்கே நிரப்பும் ஆழம் இரண்டு மூன்று அடிதான், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவு. சரிவில் அப்படியில்லை. எங்கள் வீடு சாலையோரம் 40 அடி நீளமும், பின்னோக்கி 30 அடி ஆழமும் கொண்டது. நிலம் சாலையிலிருந்து பின்பக்கம் 5 அடி இறங்குகிறது. சாலையும் சமமாக இல்லை. வீட்டு முகப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அது 2 அடி ஏறுகிறது. இந்த ஏற்றத்தைத்தான் ஒப்பந்தக்காரர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் “பிளிந்த் சாலை மட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரம்” என்று இருந்தது. அவர் சாலையின் தாழ்ந்த மூலையில் அளவுகோலை வைத்து இரண்டரை அடி காட்டினார். பிளிந்த் மட்டம் ஒன்றே. சாலை மட்டும் ஏறுகிறது. ஆகவே உயர்ந்த மூலையில் எஞ்சியது வெறும் அரையடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி பிளிந்த் உயரம் கேட்கிறது. சரிவில் அதை மேட்டுப் பக்க மூலையிலிருந்தே அளக்க வேண்டும். அந்த மூலையில் ஒன்றரை அடி வரவேண்டுமானால் வீடு முழுவதையும் ஓரடி உயர்த்தியாக வேண்டும். அதற்கு 1,200 கன அடி, அதாவது 12 யூனிட் மண்ணும், பின்பக்கக் கருங்கல் கட்டில் இன்னும் ஓரடியும் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவு அவருக்கு மிச்சமானது. பிறகு பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையை இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். மலைச்சாலைகளில் இது எப்போதும் நடப்பதுதான். அதன் பிறகு அந்த மூலையில் நான்கு அங்குலமே மிஞ்சியது. மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீர் வடிகாலில்லாத அந்த இடத்தில் சுவரடியில் தேங்கி, பிளிந்துக்குள் இறங்கத் தொடங்கியது.

இனி உள்ளே நிரப்பிய மண்ணுக்கு வருகிறேன். தரைக் காங்கிரீட்டுக்கும் ஓட்டுக்கும் அரையடி விட்டுவிட்டால், நிரப்ப வேண்டிய ஆழம் முன்பக்கத் தாழ்ந்த மூலையில் 2 அடி, உயர்ந்த மூலையில் ஏதுமில்லை. பின்பக்க மூலைகளில் முறையே 7 அடியும் 5 அடியும். ஒரு மூலையில் தரை பல நூறாண்டுகளாக இறுகிக் கிடக்கும் இயற்கை மண்ணின்மேல் உட்கார, எதிர் மூலையில் ஆளுயரத்துக்கும் மேலான புதுமண்ணின்மேல் உட்காருகிறது. அந்தப் புதுமண் நூற்றுக்கு மூன்று பங்கு அமுங்கினாலே பின் மூலையில் இரண்டரை அங்குலம் இறங்கிவிடும். முன் மூலை அசையாது. கூடத்தின் குறுக்கே அந்த விரிசல் விழுந்ததற்கும் இதுதான் காரணம்; மண் நிரப்பிய ஆழம் மிகத் தொடங்குகிற இடம் அது.

சராசரி ஆழம் மூன்றரை அடி; பரப்பு 1,200 சதுர அடி; ஆக நிரப்ப வேண்டிய இடம் 4,200 கன அடி, அதாவது 42 யூனிட். டிப்பரில் வரும் செம்மண் தளர்ந்த மண். அதைத் திமிசு போட்டு இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும். அப்படியானால் 42 யூனிட் இடத்தை நிரப்ப, வண்டி அளவில் 50 யூனிட்டுக்கு மேல் வந்திருக்க வேண்டும். மண் இறக்கிய சீட்டுகளைக் கூட்டிப் பார்த்ததில் வந்தது 38 யூனிட். அஸ்திவாரக் குழியில் மிஞ்சிய மண்ணைச் சேர்த்தாலும் 42தான். வந்த மண் வந்தபடியே உள்ளே கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தக்காரர் கொடுத்த கூலிப் பட்டியலில் “மண் நிரப்பி, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கியது” என்று முழுக் கூலியும் எழுதியிருந்தது.

மேஸ்திரியிடம் தனியாகக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. “ரெண்டு நாள் தண்ணி கட்டி விட்டோம் சார், தானா அமுங்கிடும்னு சொன்னாங்க” என்றார். ஆற்று மணல் போன்ற களியில்லாத மண்ணுக்குத் தண்ணீர் கட்டுவது ஓரளவு பயன் தரும். நீலகிரியின் செம்மண்ணில் களி அதிகம்; மேலே குளம்போல் தண்ணீர் நிறுத்தினால் மேலடுக்கு சேறாகும், கீழே உள்ள கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் மெல்ல உள்ளிறங்கும்போதுதான் அந்தக் கட்டிகள் கரைந்து சரிகின்றன. வெயில் காலத்தில் போட்ட தரை அந்த ஆண்டின் மழையில் இறங்குவதற்குக் காரணம் இதுவே.

நாங்கள் அழைத்த பொறியாளர் பின்னறையில் ஓட்டையும் காங்கிரீட்டையும் இரண்டடிச் சதுரமாக வெட்டி எடுத்துப் பார்த்தார். காங்கிரீட்டுக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு வெறும் காற்று. அதற்கும் கீழே அரையங்குலக் கம்பியைக் கையால் அழுத்தியபோது இரண்டடிக்கு மேல் தடையின்றி இறங்கியது. முறையாக இறுக்கிய செம்மண்ணில் அது ஓரிரு அங்குலத்திலேயே நின்றுவிடும். தேயிலைச் செடி வேர்களும், சிமெண்ட் சாக்குகளும், பழைய புல்வெளியின் கருமண்ணும் மண்ணோடு கலந்து கிடந்தன. வேரும் புல்லும் மக்கும்போது அந்த இடமும் காலியாகும் என்பதால், நிரப்புமுன் மேல்மண்ணை வழித்து எடுத்திருக்க வேண்டும்.

பின்னறைகளில் இப்போது தரையை முழுவதும் உடைத்து, மண்ணைச் சரிவின் அடிவரை அள்ளி எடுத்துவிட்டோம். புதுமண் சரிவோடு வழுக்காதபடி பழைய நிலத்தைப் படிப்படியாக வெட்டி, பின்பக்கக் கருங்கல் சுவரில் விடுபட்டிருந்த நீர்வடிதுளைகளையும் இட்டபிறகே மண் போடத் தொடங்கினோம். உட்சுவரில் ஆறு அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. ஒரு கோடு உயரத்துக்கு மண் பரப்பி, அதை இறுக்கி முடித்த பின்னரே அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். நடுப்பகுதிக்குப் பிளேட் காம்பாக்டர். அது நெருங்க முடியாத சுவரோரங்களுக்கும் தூண் மூலைகளுக்கும் கைத்திமிசு. மூலைகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், தரை முதலில் இறங்குவதும் அங்கேதான். ஈரத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு: மண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கையில் சேறு ஒட்டினால் அன்றைக்கு இறுக்குவதில் பயனில்லை, காயவிட வேண்டும். கோத்தகிரி மூடுபனியில் காய்வதற்கு நாளாகும். ஒப்பந்தக்காரர்கள் அவசரப்படுவதும் அந்த இடத்தில்தான்.

இடையிடையே மண்ணில் உருளை இறக்கி மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறோம். அந்த மண் எட்டக்கூடிய அதிகபட்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதம் வந்த பிறகே அடுத்த அடுக்குகள். இதற்கு ஆகும் செலவு, உடைத்தெடுத்த ஓடுகளின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த புகாரோடு டிப்பர் சீட்டுகள், பொறியாளரின் அறிக்கை, வெட்டி எடுத்த குழியின் அளவுகோல் வைத்த படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தரையை உடைக்குமுன் படமும் அறிக்கையும் எடுத்துவிடுங்கள். உடைத்து மண்ணை அள்ளிவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. புதிதாக ஒப்பந்தம் எழுதுவோர் “சாலை மட்டம்” என்று மொட்டையாக எழுத இடங்கொடாமல், “வீட்டு முகப்பில் சாலையின் மிக உயர்ந்த புள்ளியிலிருந்து” என்று எழுதச் சொல்லுங்கள். மண் நிரப்பும் கூலியைத் தரைக் காங்கிரீட்டோடு சேர்த்து ஒரே தொகையாக்காமல், அடுக்குச் சோதனை முடிந்த பின் தரும் தனித் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.