ஹெட்லைட் பல்பு நிற்கவில்லை: எர்த்தா, ரெகுலேட்டரா, பல்பா?

பட்டர்வொர்த்தில் என் மச்சான் இரண்டே மாதத்தில் மூன்று ஹெட்லைட் பல்பு மாற்றிவிட்டார். வண்டி ஒரு பழைய கப்சாய். 1992 முதல் மலேசியாவில் பகலிலும் மோட்டாருக்கு லைட்டு எரிய வேண்டும் என்பதால் அந்தப் பல்புக்கு ஓய்வே கிடையாது. கடையில் ரெகுலேட்டரை மாற்றச் சொன்னார்கள். காசு கொடுப்பதற்கு முன் மூன்று காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பல்பின் எர்த் லூசாக இருந்தால் வெளிச்சம் மங்கும், மினுக்கும். குழியில் இறங்கும்போதும் ஹேண்டிலைத் திருப்பும்போதும் அது கூடும். லோ பீமில் இருக்கும்போதே ஹை பீம் விளக்கு மங்கலாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தக் கோளாறு பல்பை அவ்வளவாக எரிக்காது.

ரெகுலேட்டர் கெட்டால் கதை வேறு. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் வெள்ளையாக ஏறும், பிறகு பல்பு போய்விடும். வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

பல்பு பொருந்தாமல் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம். 35/35 வாட் போட வேண்டிய இடத்தில் 60/55 போட்டால் சாக்கெட் சூடேறி உருகும், ஐட்லிங்கில் லைட்டு மங்கும். பழைய கப்சாயில் ஹெட்லைட்டுக்கு வருவது ஏசி கரண்ட். அதில் சாதா எல்ஈடி போட்டால் ஐட்லிங்கில் துடிக்கத்தான் செய்யும், வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும்.

மச்சான் வண்டியில் பல்பு சரியான 35 வாட்தான், சாக்கெட்டும் உருகவில்லை. நல்ல பல்பை மாட்டி, மீட்டரை ஏசியில் வைத்து, பல்பின் இரு முனையிலும் அளந்தோம். பல்பு இல்லாமல் அளந்தால் சுமை இல்லாததால் எண் பொய்யாக ஏறும். ஐட்லிங்கில் 12 வோல்ட், முறுக்கியதும் 17. ரெகுலேட்டர்தான் போச்சு என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இந்த வகை ரெகுலேட்டர் அதிகப்படி கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிட்டுத்தான் வோல்ட்டேஜை அடக்குகிறது. அதன் எர்த் அறுந்தால் நல்ல ரெகுலேட்டரும் கெட்டது போலவே நடந்துகொள்ளும். எர்த்துக்கான பச்சை ஒயரைத் தொடர்ந்து போனோம். ஃபிரேமில் போல்ட் போட்ட இடத்தில் துருவும் பெயின்ட்டும். போல்ட்டைக் கழற்றி, உலோகம் மினுங்கும் வரை சாண்ட்பேப்பர் போட்டு, ஒயர் முனையையும் தேய்த்து இறுக்கினோம். மறுபடி அளந்தால், முறுக்கும்போதும் 13-ஐ ஒட்டியே நின்றது.

அதனால் என் வரிசை இதுதான்: முதலில் பல்பின் வாட்டைப் பாருங்கள், அடுத்து இரண்டு எர்த், கடைசியில் ரெகுலேட்டர். எர்த்தைத் தேய்த்த பிறகும் வோல்ட்டேஜ் ஏறினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியும் புது வண்டிகளில் பேட்டரி முனையில் டிசியில் அளக்க வேண்டும். அங்கே முறுக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம். மச்சான் வண்டியில் அதே பழைய ரெகுலேட்டர்தான் இன்னும் ஓடுகிறது.