பழைய காரா, வீட்டுக் காரா? உரிமம் வாங்கிய முதல் ஆண்டுக்கு எது நல்லது

பிள்ளை உரிமம் வாங்கியதும் வீட்டில் இரண்டு யோசனைகள் எழும். மலிவாக ஒரு பழைய காரை வாங்கிக் கொடுத்துவிடலாம், இடித்தாலும் பெரிய நஷ்டமில்லை என்பது ஒன்று. வீட்டுக் காரையே பகிர்ந்து ஓட்டட்டும் என்பது இன்னொன்று. முதல் ஆண்டுக்கு நான் இரண்டாவதையே தயங்காமல் சொல்வேன்.

முக்கியக் காரணம் சாவி. 2009இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், தனக்கென்று வண்டி வைத்திருந்த பதின்பருவத்தினரின் விபத்து அபாயம், பகிர்ந்து ஓட்டியவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சாவியைக் கேட்டு வாங்க வேண்டும் என்றாலே எங்கே போகிறாய், யார் உடன் வருகிறார்கள், எப்போது திரும்புவாய் என்ற பேச்சு தானாக வந்துவிடும். புதிய ஓட்டுநருக்கு அபாயத்தைக் கூட்டுபவை இரவுப் பயணமும் உடன் ஏறும் நண்பர்களும்தான். முதல் ஆறு மாதம் இந்த இரண்டும் வேண்டாம் என்ற விதி, சாவி பெற்றோர் கையில் இருந்தால்தான் நிற்கும்.

அடுத்தது வண்டியின் வயது. பல பழைய கார்களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்காது. வளைவில் வண்டி வழுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து அதைத் திசைக்குக் கொண்டுவரும் அமைப்பு அது. பதற்றத்தில் ஸ்டியரிங்கை அளவுக்கு மீறித் திருப்பிவிடும் புதியவருக்குத்தான் அது அதிகம் தேவை. டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் DOT எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3414 என்றிருந்தால், அது 2014ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈரச் சாலையில் பிடிமானம் குறையும்.

செலவில் பழைய கார் மலிவாகத் தோன்றுவது வாங்கும் நாளில் மட்டும். காப்பீடு, டயர், பராமரிப்பு எல்லாம் இரண்டாம் முறையாக வரும். பகிரும்போதும் காப்பீட்டு நிறுவனத்திடம் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். கட்டணம் கூடுமே என்று மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். எரிபொருள் கணக்கு எளிது. மகள் மாதம் 160 கிலோமீட்டர் ஓட்டுகிறாள், வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருகிறது என்றால், அவள் பங்கு 10 லிட்டர். விபத்தில் காப்பீடு ஏற்காமல் நம் தலையில் விழும் தொகையில் அவள் பங்கு எவ்வளவு என்பதையும் முன்பே எழுதி வைத்துவிடலாம்.

தனி வண்டி வெல்லும் இடமும் உண்டு. பெற்றோர் காரில் வேலைக்குப் போகும் அதே நேரத்தில், பஸ் வசதியில்லாத இடத்துக்குப் பிள்ளையும் போயாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அப்போது நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள, சற்று எடை கூடிய, வேகம் குறைந்த காராகப் பாருங்கள். சாவி மட்டும் பிள்ளையின் பையில் அல்லாமல், எல்லோர் சாவியும் மாட்டும் கொக்கியிலேயே தொங்கட்டும்.