மூன்று வருடப் பள்ளி மென்பொருளும் முதல்வர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யும்

பாபநாசம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "நீங்க வச்சிருக்கிற அதே சாப்ட்வேரைத்தான் எங்க தாளாளருக்கும் காட்டியிருக்காங்க. வாங்கலாமா, வேண்டாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

மன்னார்குடி பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணினி ஆசிரியர் நான். அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள், 31 ஆசிரியர்கள், ஆபீஸில் இரண்டு கிளார்க். கணினி ஆசிரியர் என்பதாலேயே இந்த மென்பொருளுக்கு மூன்று வருடமாக நான்தான் அட்மின். என் மகனும் இங்கேயே ஏழாவது படிக்கிறான். இந்தக் கடைசித் தகவல் பின்னால் தேவைப்படும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பக்கத்தை யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், அம்மா ஊரில் இருப்பார், பீஸ் கட்ட வருவது தாத்தா. இந்த மென்பொருளில் 'பெற்றோர்' என்பது வெறும் பெயர்ப்பலகை இல்லை. ஒரு ஆளை ஒரு பிள்ளையோடு கோர்க்கும் முடிச்சு. ஒரு பிள்ளைக்கு மூன்று பேரைக் கோர்க்கலாம். தாத்தாவுக்குக் கட்டண ரசீது மட்டும், அம்மாவுக்கு எல்லாம், அப்பாவுக்கு மார்க்கும் வருகையும் என்று ஆளுக்கு ஆள் டிக் போட்டுக்கொள்ளலாம். ஒரே அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் என்றாலும் ஒரே லாகின்தான். இந்த மூன்று வருடத்தில் இதைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை.

இவ்வளவு தெரிந்தவர்கள் ஆசிரியர் பக்கம் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் எரிச்சல். அங்கே ஒரு ஆளுக்கு ஒரு லாகின், ஒரு லாகினுக்கு ஒரு ரோல். ஆசிரியர், கிளார்க், முதல்வர், பெற்றோர், இதில் ஒன்றைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். என் எண் ஆசிரியராகப் பதிவானதால் என் மகனுக்குப் பெற்றோராக அதைப் போட முடியவில்லை. 'இந்த எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று திருப்பி அனுப்பியது. சரி, வீட்டில் இன்னொரு எண் இருக்கிறது என்று சமாளித்தேன். பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கும் மற்ற எட்டு ஆசிரியர்களும் அப்படித்தான் சமாளித்தார்கள்.

சமாளிக்க முடியாதது 2024 நவம்பரில் வந்தது. மகளின் பிரசவத்துக்காக முதல்வர் 25ஆம் தேதியிலிருந்து இரண்டு வாரம் விடுப்பில் திருச்சிக்குப் போனார். மூத்த கணக்கு ஆசிரியர் பொறுப்பு முதல்வர். அவருடைய ரோலை 'முதல்வர்' என்று மாற்றினேன். அடுத்த நிமிடம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அவர் திரையிலிருந்து காணாமல் போயிற்று. ஆசிரியர் ரோலோடுதான் வகுப்பு ஒட்டியிருக்கிறது, ரோல் போனால் வகுப்பும் போகும். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, மார்க் போட வேண்டும். திருப்பி ஆசிரியராக்கினேன். வகுப்பு தானாக வரவில்லை. ஒவ்வொரு பிரிவாக மறுபடி சேர்த்தேன்.

அந்த வாரம் மழையும் பிடித்துக்கொண்டது. விடுமுறை அறிவிப்பு வந்ததும் பெற்றோருக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அதற்கு முதல்வர் அனுமதி வேண்டும். என்ன செய்தோம்? எல்லாப் பள்ளியும் செய்வதைத்தான். முதல்வரின் பாஸ்வேர்டை வாங்கினோம். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆறு எண்ணையும் படித்துச் சொல்வார். பொறுப்பு முதல்வர், கிளார்க் அக்கா, நான் என்று மூன்று பேர் ஒரே ஆளாக உலவினோம்.

பிப்ரவரியில் தாளாளர் கணக்குப் பார்க்கும்போது ஒரு பையனுக்கு ரூ. 6,000 சலுகை கொடுத்திருப்பதைப் பிடித்தார். பதிவு: டிசம்பர் 5, பதிந்தவர் கிளார்க், ஒப்புதல் தந்தவர் முதல்வர். முதல்வரோ, "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லையே" என்றார். இரண்டு நாள் ஆபீஸே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தது. கடைசியில் வெளிவந்தது இதுதான்: மழையில் சம்பா நாற்று மூழ்கிவிட்டது என்று அந்தப் பையனின் அப்பா வந்து நின்றார், பொறுப்பு முதல்வர் வாயால் சரி என்றார், கிளார்க் அக்கா முதல்வர் லாகினில் போய் பட்டனை அழுத்தினார். யார் மேலும் தப்பில்லை. பதிவேடு மட்டும் பொய் சொன்னது. ஒரே ஆள் பதிந்து, அதே ஆள் ஒப்புதலும் தந்திருந்தார். மென்பொருளுக்கு அது இரண்டு பேராகத் தெரிந்தது.

இதற்குப் பெரிய மாயமெல்லாம் தேவையில்லை. ஆளை ஒரு இடத்திலும், அவர் பார்க்கும் வேலைகளை இன்னொரு இடத்திலும் வைத்தால் போதும். ஒரு வேலைக்கு ஒரு வரி. அந்த வரியில் எந்த ரோல், எதன் மேல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும்.

```
person  role       scope        from        to
17      teacher    9A-maths     2024-06-10  2025-04-30
17      principal  school       2024-11-25  2024-12-06
17      parent     student-412  2024-06-10  -
```

டிசம்பர் 7 காலையில் இரண்டாவது வரி தானாகச் செத்துவிடும், கணக்கு வகுப்பை யாரும் தொட வேண்டாம். மூன்றாவது வரி பெற்றோர் பக்கத்தில் அவர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் அதே முடிச்சுதான். வயிற்றெரிச்சலே அதுதான்!

ஒரு ஆளுக்கு இரண்டு ரோல் கொடுத்தால் வேறு ஒரு ஓட்டை திறக்கும். காலையில் ஆசிரியராக மார்க் போட்டவர் மதியம் முதல்வராக அதையே வெளியிட ஒப்புதல் தரலாம். தன் பிள்ளையின் மார்க்கையும் தரலாம். ரோலை மட்டும் பார்த்து அனுமதித்தால் இது பிடிபடாது. பதிந்தவரும் ஒப்புதல் தருபவரும் வேறு வேறு ஆளா என்று ஆள் எண்ணைப் பார்க்க வேண்டும்:

```
approved_by <> entered_by
```

இது எங்களைப் போன்ற சின்னப் பள்ளியில் சில நாள் இடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிளார்க் லீவு, முதல்வர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றால் ஒப்புதல் தர ஆளே இருக்காது. அப்போது தாளாளரிடம் போகட்டும், இல்லை மறுநாள் வரை நிற்கட்டும். பாஸ்வேர்டைப் பகிர்வதற்கு அது மேல்.

கம்பெனிக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். 'அடுத்த பதிப்பில்' என்று மூன்று முறையும் பதில் வந்தது. அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுக்கிறார்கள்.

நண்பரிடம் சொன்னது இது. டெமோவுக்கு வந்தால் வண்ண வண்ண வரைபடம் எதையும் பார்க்க வேண்டாம். ஒரு ஆசிரியரை இரண்டு நாளைக்கு மட்டும் பொறுப்பு முதல்வராக்கச் சொல்லுங்கள். அவருடைய வகுப்பு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவரே ஒரு சலுகையைப் பதிந்து, அவரே ஒப்புதல் தர முயற்சி செய்யட்டும், மென்பொருள் தடுக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் வாங்காதீர்கள். எங்களுடையதில் இரண்டுமே தவறும்.

"அப்ப வேண்டாங்கிறீங்க. நீங்க எதுக்கு மாறப் போறீங்க?"

நாங்கள் போன மாதமே நாலாவது வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். அறுநூறு வீட்டுத் தாத்தா பாட்டிகளை மறுபடி கோர்க்க எனக்குத் தெம்பில்லை. முதல்வர் லாகினை யார், எப்போது, எதற்குத் திறந்தார்கள் என்று எழுத கிளார்க் அக்கா மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். கயிறு கட்டிய பேனாவோடு.